கப்பல் லாந்தரா, காட்சிப் பித்தளையா? காரைக்குடிக் கடையில் நின்றபடியே கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால், பர்மாத் தேக்குத் தூணுக்கும் எனாமல் தூக்குக்கும் நடுவில் ஒரு கப்பல் லாந்தரோ, சூரியன், நட்சத்திரங்களின் கோணத்தை அளக்க மாலுமிகள் பிடிக்கும் செக்ஸ்டன்டோ கண்ணில் படும். கடைக்காரர் தயாராக ஒரு கதை வைத்திருப்பார். "அண்ணே, இது ரங்கூன் கப்பல்ல இருந்தது. செட்டியார் வீட்டைப் பிரிக்கும்போது பரண்ல கெடந்துச்சு."

நான் கப்பலில் டெக் அதிகாரியாக 11 வருடம் இருந்தவன். செக்ஸ்டன்டைத் தினமும் கையில் பிடித்திருக்கிறேன். அந்தக் கதையில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். நம் ஊர்க்காரர்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் பயணிகளாகப் போனார்கள், கொண்டுவிற்கப் போனார்கள். கப்பல் ஓட்டப் போகவில்லை. அந்தக் காலத்தில் செக்ஸ்டன்ட் என்பது கப்பல் அதிகாரி தன் கைக்காசில் வாங்கி, பெட்டியோடு தூக்கிக்கொண்டு திரிந்த சொந்தச் சொத்து. அது செட்டிநாட்டுப் பரணுக்கு வரவே முடியாது என்று சொல்ல மாட்டேன். வட்டிக்கடையில் அடகு வைத்து மீட்காமல் போயிருக்கலாம். ஆனால் கதை சாட்சி ஆகாது. பொருள்தான் சாட்சி சொல்ல வேண்டும்.

இப்போது சந்தையில் கிடைக்கும் புதுசுகளில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்திலும் உத்தராகண்டின் ரூர்க்கியிலும் செய்யப்படுபவை. அசல் கப்பல் விளக்குகளுக்கும் ஒரு வழி இருக்கிறது. 1983 முதல் குஜராத்தின் அலங் கடற்கரையில் கப்பல் உடைக்கிறார்கள். அங்கே கழற்றிய விளக்குகள் லாரியில் நாடு முழுக்கப் போகின்றன. அதனால் காரைக்குடிக் கடையில் அசல் கிடைப்பது அதிசயமில்லை. பழசு மாதிரி செய்த புதுசும் தப்பான பொருள் இல்லை, அலங்கார விலைக்கு அலங்காரம் என்று விற்றால் சரிதான். தகராறு, அசல் விலை கேட்கும்போதுதான் வருகிறது.

சென்ற தை மாதம் கானாடுகாத்தானில் பழைய வீட்டைச் சீர்செய்துகொண்டிருந்த நண்பர் ஒருவர் என்னை அழைத்துப் போனார். முகப்பில் தொங்கவிட ஒரு லாந்தர், கண்ணாடி அலமாரியில் வைக்க ஒரு செக்ஸ்டன்ட் வேண்டும் என்றார். அன்று ஒரே கடையில் மூன்று பொருள்களைப் பார்த்தோம். பளபளவென்று ஒரு லாந்தர், அலங்காரப் பெட்டிக்குள் ஒரு செக்ஸ்டன்ட், கடையின் பின்பக்கம் மூட்டைகளுக்கு அடியில் அழுக்காக இன்னொரு லாந்தர். அந்த மூன்றையும் வைத்தே சொல்லிக்கொண்டு போகிறேன்.

கையோடு எடுத்துப் போக வேண்டியவை

ஒரு சின்னக் காந்தம், நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ், ஒரு முழம் தையல் நூல், ஒரு வெள்ளைத் துணி, வட்டமாக வெட்டிய ஒரு தாள். டார்ச்சுக்கு மொபைல் போதும். தாளை நேர்பாதியாக ஐந்து முறை மடித்துப் பிரித்தால் 32 கூறுகளாகக் கோடு விழும். பழைய மாலுமிகள் திசைகாட்டியை 32 'பாயிண்ட்' என்று பிரித்ததும் இப்படித்தான். இந்தத் தாள் பின்னால் பெரிய வேலை செய்யப் போகிறது.

முதல் படி: பித்தளையைப் பாருங்கள், பளபளப்பைப் பார்க்காதீர்கள்

காந்தத்தை உடம்பெங்கும் ஓட்டுங்கள். பித்தளையிலும் செம்பிலும் காந்தம் ஒட்டாது. உடம்புத் தகட்டிலேயே ஒட்டினால் அது இரும்புக்குப் பித்தளை முலாம். மேலே படிக்க வேண்டியதில்லை. ஒட்டாவிட்டால் அசல் என்றும் முடிவு கட்டக் கூடாது. மொராதாபாத் பித்தளையும் பித்தளைதான். அசலிலும் கதவின் ஸ்பிரிங், ஓரிரு திருகு எஃகாக இருக்கும். காந்தம் கழித்துக்கட்ட மட்டுமே உதவும்.

அடுத்து கனமும் இணைப்பும். நம் வீட்டு ஆச்சிமார் பாத்திரக் கடையில் அண்டாவை விரலால் தட்டிப் பார்ப்பது போலத் தட்டுங்கள். அலங்கார லாந்தரின் தகடு மெல்லியது, விளிம்பை அழுத்தினால் அமுங்கும். கப்பல் லாந்தரைக் காற்றிலும் உப்புத் தண்ணீரிலும் ஆட்டத்திலும் தாக்குப்பிடிக்கச் செய்தார்கள். தகடுகளை மடித்துக் கோத்து, தறையாணி அடித்து, உள்பக்கம் ஈயப்பற்று வைத்திருப்பார்கள். கதவைத் திறந்து உள் மூலையில் டார்ச் அடியுங்கள். தகடு ஒன்றோடொன்று சும்மா முட்டிக்கொண்டு நிற்கிறதா, மடித்துக் கோத்திருக்கிறதா என்று தெரியும். இன்னொரு செய்தி: பழைய வழிகாட்டு விளக்குகளில் பலவற்றுக்கு உடம்பு செம்பு, பெயர்ப் பட்டயமும் கைப்பிடியும் கீலும் மட்டும் பித்தளை. 'செம்பா இருக்கே, பித்தளை இல்லையே' என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

வயதைப் போலியாக ஏற்றுவது எப்படி என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அமிலத் தண்ணீரில் முக்கிப் பச்சை ஏற்றுவார்கள், அல்லது பள்ளங்களில் கறுப்புச் சாயம் தேய்த்து மேட்டைத் துடைத்துவிடுவார்கள். அந்தக் களிம்பு எங்கும் ஒரே நிறமாக, ஒரே கனமாக இருக்கும். மறைவான இடத்தில் ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் பச்சைப் பொடி வந்துவிடும். இயல்பாகப் பிடித்த களிம்புக்கு ஒரு காரணம் உண்டு. தண்ணீர் தேங்கும் விளிம்பில், கீலின் அடியில், பற்று வைத்த இடத்தில் இருக்கும். கை படும் இடத்தில் இருக்காது.

எனக்கு மிகப் பிடித்த அடையாளம் சிவப்புத் திட்டு. கடல் தண்ணீரில் வருடக்கணக்காக நனைந்த பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போய், செம்பு மட்டும் மிஞ்சும். அந்த இடம் ரோஜா நிறத்தில் தெரியும். இதில் நம்மூர்க்காரர் ஏமாற ஒரு வாய்ப்பு உண்டு. புளி போட்டுத் தேய்த்த பித்தளைக் குடத்திலும் இதே சிவப்பு வரும், பார்த்திருப்பீர்கள். இரண்டையும் பிரிப்பது எளிது. புளிச் சிவப்பு மேல்தோல். உலோகப் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் மஞ்சள் திரும்பிவிடும். கடல் அரித்த சிவப்பு பாலிஷுக்குப் போகாது. லென்ஸில் பார்த்தால் அந்த இடம் கடற்பஞ்சு மாதிரி பொடிப்பொடித் துளையாக இருக்கும். பளபள லாந்தரில் கடைப்பையன் காலையில்தான் புளி போட்டிருந்தான், அடிப்பாகம் முழுக்க ஒரே சீரான சிவப்பு. மூட்டைக்கடியில் இருந்ததில் கைப்பிடி சேரும் காதுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கட்டைவிரல் அளவுக்குக் குழி விழுந்த சிவப்பு.

கடைசியாக மூக்கையும் கண்ணையும் கூரைக்குள் விடுங்கள். எண்ணெய் விளக்காக எரிந்த லாந்தரின் கூரையின் உள்பக்கம் சூட்டில் பழுத்து, கரி படிந்து இருக்கும். புதுசில் உள்பக்கமும் வெளிப்பக்கம் போலவே இருக்கும், சமயத்தில் வார்னிஷ் வாடை கூட அடிக்கும். ஆனால் அலங் வழி வந்த விளக்கு மின்விளக்காகவே பிறந்திருந்தால் கரி இருக்காது. கனத்த ஹோல்டரும் வயர் நுழையும் கனத்த பித்தளைக் குழலும் இருக்கும். கரி இல்லை என்பதற்காக அதைத் தள்ளிவிடக் கூடாது.

இரண்டாம் படி: லாந்தர் வேலை செய்யுமா என்று கேளுங்கள்

பித்தளையை அடுத்து இதைச் சொல்கிறேன். இருந்தாலும் நான் கடையில் முதலில் பார்ப்பது இதைத்தான். கப்பல் விளக்கு ஒரு கருவி. இருட்டில் எதிரே வரும் கப்பல், இந்த ஒளியை வைத்துத்தான் நாம் எந்தப் பக்கம் போகிறோம் என்று புரிந்துகொள்கிறது. அதனால் ஒளி எவ்வளவு அகலத்துக்குத் தெரிய வேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது. இடப்பக்கச் சிவப்பும் வலப்பக்கப் பச்சையும் நேர் முன்னாலிருந்து 112.5 பாகை வரை தெரிய வேண்டும். பாய்மரத் தண்டின் வெள்ளை விளக்கு 225 பாகை, பின்விளக்கு 135 பாகை. 1972 ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் பாகையில் எழுதியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய விதிகள் பாயிண்ட் கணக்கில் சொன்னன: பத்து, இருபது, பன்னிரண்டு.

இப்போது மடித்த தாளை எடுங்கள். திரி எரியும் இடத்துக்கு நேர் கீழே தாளின் நடுப்புள்ளி வரும்படி லாந்தரின் தரையில் வையுங்கள். இடம் போதாவிட்டால் தாளைச் சின்னதாக வெட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடித் திறப்பின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை எத்தனை கூறு வருகிறது? சிவப்பு அல்லது பச்சை விளக்கென்றால் பத்துக்கு அருகில் வர வேண்டும். ஒன்று கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை. கப்பலின் பக்கத்தில் அடிக்கும் பலகையும் சேர்ந்துதான் ஒளியை வெட்டும். பளபள லாந்தரில் சிவப்புக் கண்ணாடி 16 கூறு, அதாவது அரை வட்டம் போனது. அதன் மேல் 'போர்ட்', அதாவது இடப்பக்கம், என்று எழுதியும் இருந்தது. அப்படி ஒரு விளக்கை மாட்டிய கப்பல், வலப்பக்கம் நிற்பவனுக்கும் இடப்பக்கம் காட்டிவிடும்.

அழுக்கு லாந்தரில் தாள் பத்தரைக் கூறு காட்டியது. பின்பக்கம் தட்டையாக இருந்தது, பலகையில் செருகுவதற்கு இரண்டு காடிகள். அலங்கார லாந்தருக்கு எந்தப் பலகையிலும் செருகும் தேவை இல்லாததால் இந்தக் காடியைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து சுடரின் உயரம். அசலின் கண்ணாடி, வெளிப்பக்கம் வளையம் வளையமாக வரியோடிய ஃபிரெனெல் லென்ஸ். நடுவில் குமிழாகப் புடைத்த ஒரு பட்டை இருக்கும். சுடர் அந்தப் பட்டைக்கு நேரே நின்றால்தான் ஒளி கிடைமட்டமாகத் தொலைவுக்குப் போகும். திரிவாய் அந்தப் பட்டைக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீழே இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். பளபள லாந்தரில் திரிவாய் தரையோடு ஒட்டி, லென்ஸின் நடுவுக்கு ஏழு சென்டிமீட்டர் கீழே கிடந்தது. அதை ஏற்றினால் ஒளி வானத்தைப் பார்க்கும்.

பச்சை விளக்கு வாங்குகிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. எண்ணெய்ச் சுடர் மஞ்சளானது. அதோடு சேர்ந்து பச்சையாகத் தெரிய, பழைய வலப்பக்கக் கண்ணாடியை நீலம் கலந்த பச்சையாகச் செய்தார்கள். பகலில் மயில் கழுத்து நிறம் தெரிந்தால் நல்ல சகுனம். சோடா பாட்டில் பச்சையாக இருந்தால் சந்தேகப்படலாம்.

மூன்றாம் படி: திருகுகள்

நம் ஊரில் ஸ்டார் ஸ்க்ரூ என்கிறோமே, நடுவில் சிலுவைப் பள்ளம் உள்ளது. அது 1930களில் அமெரிக்காவில் வந்தது. பெயர் கொடுத்த ஃபிலிப்ஸின் காப்புரிமை 1936. எனவே '1880' என்று வெட்டிய லாந்தரிலோ செக்ஸ்டன்டிலோ ஸ்டார் ஸ்க்ரூ இருந்தால் ஒன்று ஆண்டு பொய், இல்லை ஸ்க்ரூ பிற்பாடு வந்தது.

இந்த 'இல்லை'யில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அழுக்கு லாந்தரின் கதவுக் கீலில் ஒரு ஸ்டார் ஸ்க்ரூ இருந்தது. நண்பர் உடனே, "போச்சு, இதுவும் டூப்ளிகேட்டா?" என்றார். நான் மற்றத் திருகுகளைக் காட்டினேன். கீலில் மொத்தம் நான்கு. மூன்று பித்தளை, ஒற்றைப் பள்ளம், பள்ளத்தின் விளிம்பு திருப்புளி வழுக்கி வழுக்கி மழுங்கியிருந்தது, தலையைச் சுற்றிக் களிம்பு வளையம். நான்காவது எஃகு, காந்தம் ஒட்டியது, அதைச் சுற்றி மட்டும் துரு ஒழுகிய கோடு. ஒரு திருகு தொலைந்து, கப்பலிலோ கடையிலோ யாரோ கைக்குக் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள். ஒரு திருகு மட்டும் வேறு என்றால் அது பழுது பார்த்த தடயம். எல்லாத் திருகும் புதுசாக, ஒரே மாதிரி, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தால்தான் எனக்குச் சந்தேகம்.

மரையையும் சோதிக்கலாம். பழைய பிரிட்டிஷ் கருவிகளின் சின்னத் திருகுகளில் பெரும்பாலும் பி.ஏ. மரை என்ற அவர்கள் நாட்டு அளவு. இன்றைய பட்டறைகளில் மெட்ரிக். ஹார்டுவேர் கடையில் எம்-3, எம்-4, எம்-5 நட்டு ஒவ்வொன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். லாந்தரின் கதவை இறுக்கும் கைத்திருகு போல எளிதாகக் கழற்றக்கூடியதைக் கழற்றி அதில் ஏற்றுங்கள். 'லண்டன் 1900' என்று போட்ட பொருளில் எம்-4 நட்டு வெண்ணெயாகக் கடைசி வரை ஏறினால் அந்த எழுத்து பொய் சொல்கிறது. ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பானியப் பொருள்களுக்கு இந்தச் சோதனை செல்லாது, அவற்றில் பழசிலேயே மெட்ரிக் மரை இருக்கலாம். செக்ஸ்டன்டின் திருகுகளைக் கடையில் கழற்றவே கழற்றாதீர்கள். அசலாக இருந்தால் அதன் கணக்கைக் கெடுத்துவிடுவீர்கள்.

செக்ஸ்டன்டில் கழற்றாமலே பார்க்க வேண்டிய திருகுகள் கண்ணாடிகளின் பின்னால் இருக்கின்றன. நகரும் கையின் மேல் முனையில் உள்ள கண்ணாடிக்குப் பின் ஒன்று, சட்டத்தில் நிலையாக நிற்கும் தொடுவானக் கண்ணாடிக்குப் பின் வழக்கமாக இரண்டு. மாலுமி அவ்வப்போது கண்ணாடியை நேராக்கத் திருப்புவது இவற்றைத்தான். அலங்காரச் செக்ஸ்டன்டில் கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டி, அல்லது தகட்டுக் காதை மடித்துப் பிடித்திருப்பார்கள். திருத்தத் திருகே இல்லாத செக்ஸ்டன்ட், முள் நகர்த்த முடியாத தராசு மாதிரி.

நான்காம் படி: வெட்டிய எழுத்து

செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்கு இந்தப் பாடம் பாதி தெரியும். சீர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவார்களே, உளி விழுந்த ஒவ்வொரு புள்ளியும் ஒரு பக்கம் ஆழமாக, ஒரு பக்கம் ஏறி வரும். கையால் செதுக்கிய எழுத்து அப்படித்தான். லென்ஸில் பார்த்தால் கோடு வி வடிவப் பள்ளம், தொடக்கத்தில் மெலிந்து நடுவில் பருத்து முடிவில் மெலியும். இருபதாம் நூற்றாண்டின் பட்டயங்களில் இயந்திரத்தால் வெட்டியது அதிகம். அதில் கோடு ஒரே அகலம், முனை உருண்டை, ஆனால் அடிப்பகுதி சுத்தமாக உலோகத்தை அறுத்திருக்கும். இரண்டுமே அசலாக இருக்கலாம்.

அலங்காரப் பொருளில் மூன்று வகை பார்ப்பீர்கள். அமிலத்தால் அரித்த எழுத்தின் அடி தட்டையாகச் சொரசொரப்பாக இருக்கும், ஆழம் நகத்தில் தட்டாது, கறுப்புப் பெயின்ட் நிரப்பியிருப்பார்கள். லேசர் எழுத்தின் ஓரம் கருகியிருக்கும். வார்ப்பு எழுத்து மேடாக, மூலை மழுங்கி, வெல்லக்கட்டி அச்சு போல இருக்கும். அசல் பொருளையே அச்சாக வைத்து வார்த்தால் கூர்மை போவதோடு அளவும் குறையும். பித்தளை ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை இரண்டு பங்கு சுருங்கும்.

எழுத்து எப்போது வந்தது என்பதை அதைக் கடக்கும் கீறல்கள் சொல்லும். பழைய எழுத்தின் மேல் கீறல் ஓடியிருக்கும், எழுத்தின் ஓரத்தை அது உடைத்திருக்கும். கீறலின் மேல் எழுத்து ஏறியிருந்தால், பழைய தகட்டில் நேற்று வெட்டியது.

பிறகு, என்ன வெட்டியிருக்கிறது என்று படியுங்கள். நண்பருக்குக் காட்டிய செக்ஸ்டன்டில் 'கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917' என்று நீட்டி முழக்கி எழுதியிருந்தது. ஹியூஸ் என்ற கருவித் தயாரிப்பாளர் லண்டனில் அதற்கு வெகு முன்பே இருந்தவர்தான். கெல்வின் பெயரும் அவர் பெயரும் ஒரே நிறுவனமாக இணைந்தது 1940களில். 1917இல் அந்தப் பெயரில் கடை இல்லை. இதே பெயர், இதே ஆண்டு போட்ட செக்ஸ்டன்டை நான் மூன்று ஊர்களில் பார்த்துவிட்டேன். பொதுவாகவே அசல் செக்ஸ்டன்டில் ஆண்டைப் பெரிதாக வெட்டுவது அபூர்வம். தயாரிப்பாளர் பெயரும் தொடர் எண்ணும்தான் இருக்கும்.

அந்த எண்ணுக்கு ஒரு பயன் உண்டு. பிரிட்டிஷ் செக்ஸ்டன்டுகளில் பலவற்றை கியூ ஆய்வகத்தில், பிற்பாடு தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சோதித்து, எந்தப் பாகையில் எவ்வளவு பிழை என்று எழுதிச் சான்றிதழ் கொடுத்தார்கள். பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். சான்றிதழில் உள்ள எண்ணும் கருவியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பெட்டியையும் பாருங்கள். அசலுக்கு மகாகனி அல்லது அதுபோன்ற மரத்தில், கருவி உட்கார அளவெடுத்துச் செதுக்கிய கட்டைகளோடு, கூடுதல் தொலைநோக்கிகளுக்குத் தனிக் குழி வைத்துச் செய்வார்கள். மூடியில் நங்கூரம் பதித்த சீசம் மரப் பெட்டி, உள்ளே சிவப்பு வெல்வெட் என்றால் அது பரிசுப் பொருள்.

ஐந்தாம் படி: செக்ஸ்டன்டுக்கு நூல் சோதனை

செக்ஸ்டன்டின் அடியில் கோடு போட்ட வில், வட்டத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 60 பாகை. ஆனால் அதில் 120 வரை, சிலவற்றில் அதற்குச் சற்று மேலும், எண் போட்டிருக்கும். கண்ணாடி ஒரு பாகை திரும்பினால் பிரதிபலிப்பு இரண்டு பாகை திரும்பும், அதனால் இந்த இரட்டிப்பு. இதிலிருந்து அழகான ஒரு சோதனை கிடைக்கிறது. 60 பாகைக்கு நாண், ஆரத்துக்குச் சமம். பள்ளிக்கூடத்தில் கவராயத்தால் வட்டத்தை ஆறாகப் பிரித்தது ஞாபகம் இருக்கும்.

நூலை எடுத்து, கை சுழலும் மையத்திலிருந்து வில்லின் 0 கோடு வரை பிடித்து முடிச்சுப் போடுங்கள். அதே நீளத்தை 0 கோட்டிலிருந்து நேராக 120 கோட்டுக்குப் பிடியுங்கள். முடிச்சு 120இல் விழ வேண்டும். அன்று கடையில் முடிச்சு 131க்குப் பக்கத்தில் விழுந்தது. அந்தக் கோடுகளைப் போட்டவர் அழகாகப் போட்டிருக்கிறார், அளந்து போடவில்லை. அசலைப் பிரதி எடுத்தவர்கள் இந்தச் சோதனையில் தேறிவிடலாம். தோற்றது நிச்சயம் போலி, தேறியது இன்னும் விசாரணையில் இருக்கிறது.

தேறியதை, கையின் கீழ் நுனியில் உள்ள சின்ன அளவுகோலான வெர்னியரில் மடக்குங்கள். பழைய வெர்னியர் செக்ஸ்டன்டில் வில்லின் கோடுகளைப் பித்தளையில் பதித்த வெள்ளிப் பட்டையில் இழுத்திருப்பார்கள். வெள்ளி கறுக்கும், பச்சை பிடிக்காது. ஒரு பாகைக்கு 60 கலை, அதனால் ஒரு பாகையை ஆறாகப் பிரித்திருந்தால் ஒவ்வொன்றும் 10 கலை. வெர்னியரில் 60 பிரிவு. அவை வில்லின் 59 பிரிவுக்குச் சமம். எனவே வெர்னியரின் 0 ஒரு கோட்டோடு சேரும்போது அதன் கடைசிக் கோடும் சேரும். நடுவில் ஒன்றும் சேராது. கையைச் சற்றே நகர்த்தினால் ஏதாவது ஒரே ஒரு கோடு மட்டும் சேரும், அதன் இரு பக்கமும் கோடுகள் படிப்படியாக விலகிப் போகும். பிரிவின் எண்ணிக்கை கருவிக்குக் கருவி மாறும், இந்த நடத்தை மாறாது. அலங்காரச் செக்ஸ்டன்டில் பத்துக் கோடு ஒன்றாகச் சேர்ந்து நிற்கும், இல்லை எதுவுமே சேராது.

உருளை வைத்த பிற்காலச் செக்ஸ்டன்ட் என்றால் இன்னும் எளிது. உருளையை முழுதாக ஒரு சுற்று சுற்றினால் கை சரியாக ஒரு பாகை நகர வேண்டும். 30இல் வைத்து ஒரு சுற்று, 31. இன்னொரு சுற்று, 32. வில்லின் விளிம்பில் இதற்கான நுண்ணிய பற்கள் இருக்கும். சில புதுசுகளில் உருளை சும்மா சுற்றும்.

சந்தேகம் தீரவில்லையா? கடை மொட்டைமாடிக்குப் போங்கள். அளவை 0இல் வைத்து, அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள செல்போன் கோபுரத்தைப் பாருங்கள். நேரே தெரிவதும் கண்ணாடியில் தெரிவதும் ஒரே கோபுரமாகச் சேர வேண்டும். லேசாகப் பிரிந்து தெரிந்தால் குற்றமில்லை, திருத்தத் திருகு அதற்குத்தான். ஒரு கண்ணாடியில் கோபுரமும் மறு கண்ணாடியில் உங்கள் மூக்கும் தெரிந்தால் கீழே இறங்கிவிடலாம். இரசம் உரிந்த கண்ணாடியை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், அது அசலுக்குத்தான் அதிகம் நடக்கும்.

அன்று என்ன வாங்கினோம்

செக்ஸ்டன்டுக்குக் கடைக்காரர் 24,000 ரூபாய் சொன்னார். நூலையும் முடிச்சையும் காட்டியபோது சிரித்துவிட்டு 4,000த்துக்கு வந்தார். நண்பர் அலமாரிக்கு அழகாக இருக்கும் என்று யோசித்தார்; அப்புறம் வேண்டாமென்று விட்டுவிட்டார். பளபள லாந்தரின் விலையைக் கேட்கவே இல்லை.

அழுக்கு லாந்தருக்கு 9,500 என்றார், அழுக்கு என்பதால். பட்டயத்தில் 'போர்ட்' என்ற சொல்லும் நான்கு இலக்க எண்ணும் மட்டும், இயந்திரத்தில் வெட்டியது, எழுத்தின் மேல் இரண்டு நீளக் கீறல். லென்ஸின் கீழ் ஓரத்தில் ஒரு சில்லு உடைந்திருந்தது. திரிவாய் நடுப்பட்டைக்கு ஒன்றரை சென்டிமீட்டர் கீழே. எந்தக் கப்பல், எந்த ஆண்டு என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் கடலில் எரிந்த விளக்கு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. 8,000த்துக்கு முடிந்தது. புளியோ பாலிஷோ போடாதீர்கள், வெறும் துணியால் தூசி தட்டினால் போதும் என்று நண்பரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த ஸ்டார் ஸ்க்ரூவையும் மாற்ற வேண்டாம் என்றேன். முகப்பில் தொங்குகிறது, வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் காட்டி, "இது புதுசாச்சே" என்கிறார்களாம்.

கிளம்பும்போது கடைக்காரர் என் மடித்த தாளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணே, இதை வச்சுட்டுப் போங்க. சரக்கு எடுக்கப் போறப்ப எனக்கும் வேணும்" என்றார்.